அழிப்பதற்கு முன் ஓர் எண்

காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் என் நண்பர் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அங்கே கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் என்னைக் கூப்பிடுவார். போன தை மாத முகூர்த்தங்கள் முடிந்த பிறகு வந்த அழைப்பு வேறு மாதிரி இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் நடந்த ஒரு கல்யாணத்தின் முழு நீளப் படத்தை, பெண்ணின் அப்பா இன்னொரு பென் டிரைவில் கேட்டிருக்கிறார். கூகுள் டிரைவிலிருந்து இறக்கிப் பார்த்தால் ஃபைல் திறக்கவே இல்லை. ஸ்டூடியோவின் ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் கல்யாணம் இருந்த இடத்தில் இப்போது வேறு மூன்று கல்யாணங்கள் இருந்தன.

எடிட்டிங் செய்யும் பையனைக் கேட்டேன். “நான்தாண்ணே ஏத்தினேன். முழுசா ஏறி பச்சை டிக் வந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் அழிச்சேன்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பச்சை டிக் வந்திருக்கும். அந்த டிக் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இறக்கிய ஃபைலை ffmpeg என்ற இலவச மென்பொருளில் கொடுத்தபோது `moov atom not found` என்று ஒரு வரி வந்தது. எம்பி4 ஃபைலை ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டால், படமும் ஒலியும் அதன் பக்கங்கள். எந்தக் காட்சி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கத்துக்கு மூவ் என்று பெயர். எல்லாப் பக்கங்களும் எழுதி முடிந்த பிறகுதான் பொருளடக்கத்தை எழுத முடியும் என்பதால், எக்ஸ்போர்ட்டின் கடைசி நொடிகளில் அது சேர்க்கப்படுவது வழக்கம். அன்று இரவு எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கிறது. காலையில் வந்த பையன் ஃபோல்டரில் 19 ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலைப் பார்த்திருக்கிறான். இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, முடிந்திருக்கும் என்று ஏற்றிவிட்டான். பொருளடக்கம் இல்லாத அந்தப் பாதிப் புத்தகத்தை கூகுள் ஒரு பைட்கூடக் குறையாமல் பத்திரமாக வைத்திருந்தது.

அதன் பிறகுதான் ஸ்டூடியோவில் அப்லோட் வேலையைத் தானியங்கியாக மாற்றி அமைத்தோம். மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் எந்தப் படத்தையும் அழிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. படம் பிறக்கும்போதே முழுமையாக இருந்ததா? வழியில் தடை வந்தாலும் போய்ச் சேர்ந்ததா? அங்கே இருப்பதும் இங்கே பிறந்ததும் ஒன்றுதானா?

முதல் கேள்வி: படம் முழுமைதானா?

இதற்கு இரண்டு ஃபோல்டர்கள் போதுமாக இருந்தன. எடிட்டிங் மென்பொருள் எக்ஸ்போர்ட் செய்வது எல்லாம் `D:\Export` என்ற ஃபோல்டருக்குள் போகும். அதை அப்லோட் வேலை எட்டிப்பார்ப்பதே இல்லை. எக்ஸ்போர்ட் முடிந்து சோதித்த பிறகு, படத்தை `D:\Ready` என்ற ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தும்போது 24 ஜிபி படமானாலும் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும், ஏனென்றால் அங்கே பைட்டுகள் நகர்வதில்லை, முகவரிதான் மாறுகிறது. அதனால் இரண்டாவது ஃபோல்டரில் பாதிப் படம் என்று ஒன்று இருக்கும் நேரமே கிடையாது.

நகர்த்துவதற்கு முன் செய்யும் சோதனை ஒரே வரி:

```
ffmpeg -v error -i D:\Export\film.mp4 -f null -
```

இது படத்தின் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கும், ஆனால் எங்கும் எழுதாது. திரையில் எதுவும் வராமல் முடிந்தால் ஃபைல் நலம். ஏதாவது ஒரு வரி வந்தாலும் நின்று பார்க்க வேண்டும். மூன்று மணி நேரப் படத்துக்கு இது சில நிமிடங்களில் முடியலாம், பழைய கம்ப்யூட்டராக இருந்தால் டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகலாம். பெண்ணின் அப்பாவுக்கு வந்த சிக்கலை இந்த ஒரு வரி அன்று காலையிலேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

சோதனையில் தேறிய படத்துக்கு உடனே ஓர் எண் எடுத்து வைக்கிறோம். அதுதான் செக்சம்.

கடைக் கணக்கில் பக்கத்துக்குப் பக்கம் கீழே கூட்டுத்தொகை போடுவது எதற்கு? நகல் எடுத்தவர் ஒரு வரியை விட்டுவிட்டால் தொகை ஒத்துப்போகாது, தவறு உடனே தெரியும். ஆனால் 45, 54 என்ற இரண்டு வரிகளை முன்பின்னாக மாற்றி எழுதிவிட்டால் தொகை மாறாது, தவறு ஒளிந்துகொள்ளும். செக்சம் என்பது இந்த ஓட்டையை அடைத்த கூட்டுத்தொகை. படத்தின் ஒவ்வொரு பைட்டையும், அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கலக்கி, எவ்வளவு பெரிய ஃபைலானாலும் ஒரே நீளமுள்ள ஓர் எண்ணாகத் தரும். எம்டி5 என்ற முறையில் அது 32 எழுத்துகள். 24 ஜிபி படத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 32 எழுத்துகளும் அடையாளமே தெரியாத அளவு மாறிவிடும்.

எம்டி5 முறையை 1991இல் அமெரிக்காவின் ரொனால்ட் ரிவெஸ்ட் வடிவமைத்தார். ஒரே எண் வரும்படி இரண்டு வெவ்வேறு ஃபைல்களை வேண்டுமென்றே தயாரிக்க முடியும் என்று 2004இல் தெரிந்துவிட்டதால், கையெழுத்து, சான்றிதழ் போன்ற இடங்களில் அதை நம்புவதில்லை. நம் ஸ்டூடியோவில் யாரும் கல்யாண வீடியோவைப் போலியாகத் தயாரிக்கப் போவதில்லை. தற்செயலாக வரும் பழுதைக் கண்டுபிடிக்க அது இன்றும் போதும். கூகுள் டிரைவ், தான் வாங்கி வைத்த ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5 எண்ணைத் தானே கணக்கிட்டு வைக்கிறது என்பதால் எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

இரண்டாம் கேள்வி: போய்ச் சேர்ந்ததா?

நண்பரின் இணைய இணைப்பில் ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால், உண்மையில் நொடிக்கு இரண்டரை எம்பிதான் போகும். 24 ஜிபி படம் ஏற 9,600 நொடிகள், அதாவது 2 மணி 40 நிமிடம். மூன்று மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்ப்பதற்கும் ஏற்றுவதற்கும் ஏறத்தாழ ஒரே நேரம். இவ்வளவு நேரத்தில் இணைப்பு ஒருமுறையாவது தடுமாறும் என்று வைத்துக்கொண்டே வேலையை அமைக்க வேண்டும்.

நாங்கள் பயன்படுத்துவது ஆர்குளோன் என்ற இலவச மென்பொருள். பல கிளவுட் சேவைகளோடு பேசத் தெரிந்த, கட்டளை வரியில் ஓடும் கருவி. அது பெரிய ஃபைலை கூகுள் டிரைவுக்கு அனுப்பும்போது, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், எட்டு எம்பித் துண்டுகளாகப் பிரித்து வரிசையாக அனுப்புகிறது. எங்கள் படம் கிட்டத்தட்ட 2,860 துண்டுகள். ஒரு துண்டு போய்ச்சேர மூன்றரை நொடிக்கும் குறைவு. 1,500ஆவது துண்டில் இணைப்பு அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும், முன்னால் போனவை போனவைதான்.

மறுமுயற்சியில் ஒரு நாகரிகம் உண்டு. கதவைத் தட்டித் திறக்காவிட்டால் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பதில்லை. முதலில் ஒரு நொடி பொறுத்து, பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். கூடவே கொஞ்சம் முன்பின்னாக, குறிப்பில்லாத ஒரு சிறு நேரத்தையும் சேர்க்க வேண்டும். சர்வர் திணறும் நேரத்தில் ஆயிரம் கம்ப்யூட்டர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே நொடியில் திரும்பி வந்தால் அது மறுபடி திணறும். கூகுளே தன் சேவையைப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு இந்த முறையைத்தான் பரிந்துரைக்கிறது.

ஆனால் எல்லாத் தோல்விக்கும் மறுமுயற்சி மருந்தல்ல. `429` என்றால் அவசரப்படுகிறாய் என்று பொருள், `503` என்றால் இப்போது முடியவில்லை என்று பொருள். இரண்டுக்கும் பொறுத்துப் பார்க்கலாம். `401` என்றால் உன்னை யாரென்று தெரியவில்லை என்று பொருள், நூறு முறை தட்டினாலும் அதே பதில்தான். டிரைவில் இடம் தீர்ந்துபோய் `storageQuotaExceeded` என்று வந்தால், விடிய விடிய முயன்றாலும் இடம் முளைக்காது. இந்த வகைத் தோல்வி வந்தால் மனிதருக்குச் சொல்லிவிட்டு நிற்பதுதான் நல்ல தானியங்கிக்கு அழகு.

முதல் மாதத்தில் எங்களுக்கே இப்படி ஒன்று நடந்தது. வாரத்துக்கு ஒருமுறை, ஏழாம் நாள், அப்லோட் நின்றுபோனது. இணைப்பைக் குறை சொல்லி இரண்டு வாரம் கழிந்தது. லாகைத் திறந்து பார்த்தபோது காரணம் வேறு. கூகுளிடம் எங்கள் பெயரில் பதிந்த அனுமதி, ‘டெஸ்டிங்’ என்ற நிலையிலேயே கிடந்தது. அந்த நிலையில் கொடுக்கும் அனுமதிச் சீட்டு ஏழே நாளில் காலாவதியாகும். நிலையை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. கூகுள் டிரைவில் ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு 750 ஜிபி என்ற வரம்பும் உண்டு. 20 மெகாபிட் இணைப்பில் இருபத்துநாலு மணி நேரமும் ஏற்றினாலும் 216 ஜிபிதான் போகும் என்பதால் நாங்கள் அதைத் தொட்டதில்லை. பெரிய ஸ்டூடியோக்கள் தொடக்கூடும்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். துண்டு துண்டாக விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, ஆர்குளோன் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான். மின்சாரம் போய்க் கம்ப்யூட்டரே அணைந்துவிட்டால், மறுபடி தொடங்கும்போது ஏற்கெனவே முடிந்த ஃபைல்களை விட்டுவிடும், பாதியில் நின்ற ஃபைலை முதலிலிருந்து ஏற்றும். இரண்டரை மணி நேர உழைப்பு போச்சு. அதனால் கம்ப்யூட்டருக்கு இருந்த யுபிஎஸ்ஸில் ரூட்டரையும் மாட்டினோம். படத்தையும் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று மூன்று ஃபைல்களாக எக்ஸ்போர்ட் செய்யச் சொன்னோம். நஷ்டப்பட்டால் மூன்றில் ஒன்றுதான் நஷ்டம்.

மூன்றாம் கேள்வி: அங்கே இருப்பது இதுதானா?

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஓர் ஆர்டர் எண்ணும் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரும் உண்டு. 0412 என்ற ஆர்டரை எடுத்துக்கொள்வோம். சோதித்த படங்களை `Ready` ஃபோல்டருக்குள் நகர்த்திய கையோடு எடிட்டர் இதை ஒருமுறை ஓட்டுகிறார்:

```
rclone md5sum D:\Ready\0412 --output-file D:\Log\0412.md5
```

உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் எண்ணும் பெயரும் ஒரு சிறு பட்டியலாக எழுதப்படுகிறது. இதைப் பிறப்புச் சான்றிதழ் என்றே ஸ்டூடியோவில் சொல்கிறார்கள். பட்டியலில் `d41d8cd98f00b204e9800998ecf8427e` என்ற எண்ணைப் பார்த்தால் உஷாராக வேண்டும். உள்ளே ஒன்றுமே இல்லாத, பூஜ்ய பைட் ஃபைலின் எம்டி5 எண் அது. எந்தக் கம்ப்யூட்டரில் எடுத்தாலும் மாறாது.

இரவு பதினொரு மணிக்கு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் மற்ற இரண்டு வரிகளை ஓட்டுகிறது:

```
rclone copy D:\Ready\0412 gdrive:Kalyanam/0412 --retries 5 --retries-sleep 2m --log-file D:\Log\0412.txt --log-level INFO
rclone checksum md5 D:\Log\0412.md5 gdrive:Kalyanam/0412
```

முதல் வரி ஏற்றுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள சின்ன மறுமுயற்சிகளை ஆர்குளோன் தானாகவே பார்த்துக்கொள்ளும். அதையும் மீறித் தோற்றால், இரண்டு நிமிடம் பொறுத்து மொத்த வேலையையும் மறுபடி தொடங்கு, மொத்தம் ஐந்து முறை பார் என்பதுதான் `--retries 5 --retries-sleep 2m`. இரண்டாம் வரி, பிறப்புச் சான்றிதழில் உள்ள எண்களையும் கூகுள் தானே கணக்கிட்டு வைத்திருக்கும் எண்களையும் ஒப்பிடுகிறது. படத்தைத் திரும்ப இறக்க வேண்டியதில்லை என்பதால் நொடிகளில் முடிந்துவிடும். எல்லாம் சரியென்றால் `0 differences found` என்று சொல்லும்.

இதைப் பார்த்த ஒரு நண்பர், “ஆர்குளோனே ஏற்றி முடித்ததும் எண்ணை ஒப்பிட்டுக்கொள்கிறதே, எதற்கு இன்னொரு முறை?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ஏற்றி முடித்ததும் ஆர்குளோன் ஒப்பிடுவது உண்மைதான். மாறியிருந்தால் `corrupted on transfer` என்று சொல்லி, மேலே போன பழுதான நகலை அழித்தும் விடும். ஆனால் அது தன் பக்கத்து எண்ணை எடுப்பது, ஏற்றுவதற்காக ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படிக்கும் அதே நேரத்தில். வெளி ஹார்ட் டிஸ்க்கின் கேபிள் தளர்ந்தோ, ரேம் பழுதாகியோ தவறான பைட் படிக்கப்பட்டால், தவறான பைட்டுக்கே எண் போடப்படும், அதே தவறான பைட்தான் மேலே போகும். இரண்டும் அழகாகப் பொருந்தும். வழியில் நடந்த தவற்றை அது பிடிக்கும், புறப்படும் முன்பே நடந்ததைப் பிடிக்காது. படம் பிறந்தபோதே எடுத்து வைத்த எண் இருந்தால்தான் அதுவும் சிக்கும்.

இதைச் சொல்லி நம்பவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. ஃபோல்டரில் `test.txt` என்ற சிறு ஃபைலை வைத்து பிறப்புச் சான்றிதழ் எடுத்தோம். பிறகு அந்த ஃபைலில் ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்துவிட்டு இரவு வேலையை ஓட்டினோம். ஏற்றும் வரி எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்தது. அதன் கண்ணில் எல்லாம் சரி. ஒப்பிடும் வரிதான் `1 differences found` என்று கைதூக்கியது. இந்த ஒத்திகையை ஒருமுறையாவது செய்துபார்க்காமல் எந்தத் தானியங்கியையும் நம்பக் கூடாது. ஒருபோதும் குரைத்தே பார்க்காத நாயைக் காவலுக்கு வைத்த கதையாகிவிடும்.

இதே காரணத்தால், பிறப்புச் சான்றிதழை இரவு வேலையில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு இரவும் புதிதாக எண் எடுத்தால், நேற்று பழுதான ஃபைலுக்கு இன்று புதுச் சான்றிதழ் கிடைத்துவிடும். ஒருமுறை எடுத்தது எடுத்ததுதான். மணப்பெண் வீட்டார் திருத்தம் சொல்லி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால், அது புது ஃபைல், புதுப் பெயர், புதுச் சான்றிதழ்.

வழியில் உள்ள இரண்டு பள்ளங்கள்

ஆர்குளோனில் `copy` போலவே `sync` என்றும் ஒரு கட்டளை உண்டு. பெயரைப் பார்த்து மயங்கிப் பலர் அதைப் போடுகிறார்கள். `sync` என்றால் அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் போலவே ஆக்கு என்று பொருள். இடம் வேண்டுமென்று `Ready` ஃபோல்டரை நீங்கள் காலி செய்த அன்று இரவு, அது விசுவாசமாக கிளவுடையும் காலி செய்யும். காப்பகத்துக்கு எப்போதும் `copy` மட்டும்தான்.

இன்னொன்று கூகுள் டிரைவின் வினோதம். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் இருப்பதை அது அனுமதிக்கிறது. சொந்தமாக எழுதிய ஸ்கிரிப்டுகள், முதல் முயற்சி உண்மையில் போய்ச் சேர்ந்ததை அறியாமல் மறுபடி ஏற்றினால், `film.mp4` இரண்டாகும். எது முழுமையானது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்றும் முன், அதே பெயரில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் மறுமுயற்சியின் ஒரு பகுதிதான். ஏற்கெனவே இரட்டித்துவிட்டவற்றைக் களைய `rclone dedupe` உதவும்.

அழிக்கும் வேலை

தானாக அழிக்கும்படியும் எழுதலாம். ஒப்பிடும் வரி பூஜ்யம் என்ற முடிவுக் குறியோடு முடிந்தால் மட்டும் அழி என்று ஸ்கிரிப்டில் சேர்ப்பது ஒரு வரி வேலை. நாங்கள் சேர்க்கவில்லை. எண் பொருந்திய ஃபோல்டரை `D:\Done` என்ற இடத்துக்கு நகர்த்துவதோடு தானியங்கியின் வேலை முடிகிறது. பொருந்தாதது `Ready` ஃபோல்டரிலேயே கிடக்கும். காலையில் கடை திறந்ததும் அந்த ஃபோல்டர் காலியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், லாகைப் படிக்கத் தெரியாதவருக்கும் நிலைமை தெரிந்துவிடும். அழிப்பதை நண்பர் தன் கையால், வாடிக்கையாளர் பென் டிரைவை வாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் செய்கிறார்.

ஏனென்றால் செக்சமுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அது இரண்டு நகல்கள் ஒன்றே என்று சொல்லும். அது சரியான படம் என்று சொல்லாது. வேறு வீட்டுக் கல்யாணத்தை 0412 ஃபோல்டரில் போட்டிருந்தால் அதற்கும் எண் பொருந்தும். பாட்டு ஏறாத பழைய வெட்டை ஏற்றியிருந்தாலும் பொருந்தும். அதைக் கண்டுபிடிக்க மனிதர்தான் படத்தைப் பார்க்க வேண்டும்.

பெண்ணின் அப்பாவுக்கு அந்த 19 ஜிபி ஃபைலிலிருந்து எதையும் கொடுக்க முடியவில்லை. அவர் வீட்டில் ஏற்கெனவே இருந்த முதல் பென் டிரைவை வாங்கி நகல் எடுத்துக் கொடுத்தோம். ஸ்டூடியோவின் படத்துக்கு வாடிக்கையாளரின் பென் டிரைவ் காப்பகமாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், திட்டமல்ல. அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமென்று ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்கும் முன், அந்தக் கல்யாணத்தின் பெயரில் `0 differences found` என்ற வரி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்குவதுதான் மலிவு.